8.4 மீட்டர் அகலக் கடைத்தெருவில் நடைபாதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் உள்மாவட்ட நகரம் ஒன்றில், பேருந்து நிலையச் சாலையையும் கோயில் தேரோடும் வீதியையும் இணைக்கும் பழைய கடைத்தெரு ஒன்றை நடப்பவர்களுக்கு ஏற்றதாக மாற்றும் பணி நடைபெற்றது. அளவெடுப்பு, வரைவு, வேலை முடிந்த பின் ஓராண்டுக் கண்காணிப்பு ஆகிய மூன்றிலும் பங்கேற்ற குழுவில் நானும் இருந்தேன். ஊரின் பெயரையும் அதில் பங்கு கொண்டவர்களின் பெயர்களையும் இங்கே குறிப்பிடவில்லை. இதே அளவுள்ள தெருக்கள் ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் இருப்பதால், எங்கே சரியாகக் கணித்தோம், எங்கே தவறினோம் என்பதைப் பதிவு செய்வது பயன்படும் என்று கருதுகிறேன்.

தெருவின் நீளம் 240 மீட்டர். எதிரெதிர்க் கடைச் சுவர்களுக்கு இடையே அகலம் பெரும்பாலான இடங்களில் 8.4 மீட்டர், நடுவில் ஓரிடத்தில் மட்டும் அது 6.9 மீட்டராகக் குறுகுகிறது. அந்த இடத்தை ஊரார் ‘கழுத்து’ என்பார்கள். தெரு வடக்கு தெற்காகச் செல்கிறது, தெற்கு முனையான பேருந்து நிலையச் சாலையை நோக்கிச் சரிகிறது. இரு பக்கமும் ஒரு மாடிக் கட்டிடங்கள், ஏறக்குறைய 7 மீட்டர் உயரம். திசை, சரிவு, கட்டிட உயரம் ஆகிய மூன்றும் பின்னால் எங்களுக்குப் பெரிய வேலை வைத்தன. தொடக்கத்தில் அவற்றை வெறும் குறிப்புகளாகத்தான் எழுதி வைத்திருந்தோம்.

இரு ஓரமும் திறந்த சாக்கடை. அதன் மேல் கடைக்காரர்கள் போட்ட கல் பலகைகள், பலகைகளின் மேல் கடைப் படிகள், படிகளுக்கு முன்னால் இரு சக்கர வண்டிகள், வண்டிகளுக்கு முன்னால் கூடையும் கோணியுமாகத் தெருவோர வியாபாரிகள் என்று இடம் போக, நடுவில் எஞ்சியது மூன்று மீட்டருக்கும் குறைவு. நடப்பவர்கள், எதிரெதிரே வரும் வண்டிகள், சரக்கு இறக்கும் குட்டி யானைகள் ஆகிய எல்லாம் அந்த மூன்று மீட்டருக்குள்தான்.

முதல் கள ஆய்வில் கண்டவை

நகராட்சி எங்களிடம் ஒப்படைத்த வியாபாரிகள் பட்டியலில் 38 பேர் இருந்தனர். அலுவலக நேரத்தில், முற்பகல் 11 மணிக்கு மேல் எடுக்கப்பட்ட பட்டியல் அது. விடியற்காலையில் கீரைக்கட்டுகளோடு வந்து பத்து மணிக்குள் திரும்பிவிடும் கிராமத்துப் பெண்களும், மாலை நான்கு மணிக்கு மேல் கடை விரிக்கும் பூக்காரர்களும் சுண்டல் வண்டிக்காரர்களும் அதில் இல்லை. சாதாரண நாள், வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள் என மூன்று நாட்கள், ஒவ்வொன்றிலும் மூன்று வேளை எண்ணினோம். மொத்தம் 61 பேர் வந்தார்கள். ஆனால் எந்த வேளையிலும் ஒரே நேரத்தில் 43 பேருக்கு மேல் இருக்கவில்லை. 61 பேருக்கு 61 இடம் வேண்டியதில்லை என்பதும், பட்டியலில் விடுபட்டவர்களே பெரும்பாலும் வயதான பெண்கள் என்பதும் இந்த எண்ணிக்கையில் தெரிந்தன.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று தரப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. 38 பேர் பட்டியலோடு வேலையைத் தொடங்கியிருந்தால் எஞ்சிய 23 பேர் காகிதத்திலேயே காணாமல் போயிருப்பார்கள். அதனால் கணக்கெடுப்பை மீண்டும் முறையாக நடத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். இதில் இரண்டு மாதம் போயிற்று. அந்தத் தாமதம் பற்றி நகராட்சியில் அதிருப்தி இருந்தது; ஆனாலும் அந்த இரண்டு மாதம் வீண் போகவில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நடப்பவர்களையும் எண்ணினோம். கடை ஓரமாக நடப்பவர் எத்தனை பேர், வண்டிப் பாதையில் இறங்கி நடப்பவர் எத்தனை பேர் என்று தனித்தனியே குறித்தபோது, பத்துப் பேரில் ஒன்பது பேர் வண்டிப் பாதையில்தான் நடந்தார்கள். ஒரு காலை நேரத்தில், கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக வந்த ஒரு பெண், குட்டி யானை ஒன்று பின்னோக்கி வரவே, சாக்கடைப் பலகையில் ஏறி ஒரு துணிக்கடையின் படியில் ஒற்றைக் காலை வைத்துச் சுவரோடு ஒட்டி நின்றார். வண்டி கடந்ததும் இறங்கினார். பத்து அடி போவதற்குள் இன்னொரு வண்டிக்காக மறுபடி ஏறினார். அந்தத் தெருவைக் கடப்பதற்குள் அவர் ஏழு முறை அப்படி ஏறி இறங்கியதை நான் பின்னால் நடந்தே எண்ணினேன்.

அகலத்தைப் பங்கிட்ட விதம்

சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையைப் போல இங்கேயும் செய்ய வேண்டும் என்பது நகர்மன்றத்தில் முதலில் எழுந்த விருப்பம். அது பலவழிப் பெருஞ்சாலை. அங்கே வண்டிப் பாதையிலிருந்து எடுத்து நடைபாதைக்குக் கொடுக்க இடம் இருந்தது. எங்களிடம் இருந்தது 8.4 மீட்டர்தான். அதனால் படத்தைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு தேவைக்கும் எத்தனை அடி என்று கணக்குப் போட உட்கார்ந்தோம்.

முதல் கணக்கு வண்டிப் பாதைக்கு. தீயணைப்புத் துறையினர் தடையில்லாத 3.5 மீட்டர் அகலமும் 4.5 மீட்டர் உயரமும் கேட்டார்கள். இருவழிப் போக்குவரத்துக்கு அது போதாது. எனவே தெருவைத் தெற்கிலிருந்து வடக்காக ஒருவழியாக்க வேண்டும் என்று முடிவாயிற்று. மீதி 4.9 மீட்டர்.

நடப்பவர்களுக்கான வசதிகள் குறித்த இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை (எண் 103), நடைபாதையில் எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் விடச் சொல்கிறது. இரு பக்கமும் 1.8 விட்டால் வியாபாரிகளுக்கு எஞ்சுவது 1.3 மீட்டர். எங்கள் முதல் வரைவு ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது, எண்களும் நெறிமுறைக்குப் பொருந்தின. அதைத் தெருவில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, நான்கு வியாபாரிகளை உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. காய் வாங்க வருபவர் எங்கே நிற்பார்? அவர் நடைபாதையில்தான் நிற்கிறார். குனிந்து கத்தரிக்காய் பொறுக்கும் ஒருவருக்கு இரண்டடி இடம் வேண்டும். மறுபுறம் துணிக்கடை வாசலில் தொங்கும் சேலையைப் பார்ப்பவர் இன்னும் ஓரடி எடுத்துக்கொள்கிறார். 1.8 மீட்டர் நடைபாதையில் உண்மையில் நடக்கக் கிடைப்பது ஓர் ஆள் அகலம்தான். காகிதத்தில் சரியாக இருந்த நடைபாதையை விட்டு மக்கள் இறங்கி நடப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே இரண்டு சம அளவு நடைபாதைகள் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். ஒரு பக்கம் 2.2 மீட்டர் நடைபாதை, அதை ஒட்டி வண்டிப் பாதை ஓரமாக 1.2 மீட்டரில் வியாபாரிகள் வரிசை; மறுபக்கம் 1.5 மீட்டர் மட்டும். இந்த 1.5 நெறிமுறைக்குக் குறைவு. எங்கள் குழுவிலேயே இருவர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களின் வாதத்தை முழுதாகப் புறந்தள்ள முடியாததால், அந்தப் பக்க நடைபாதையை உயர்த்தாமல் வண்டிப் பாதையோடு ஒரே மட்டத்தில் வேறு நிறக் கல்லால் போடலாம், நெரிசலில் மக்கள் அரையடி இறங்கி நடந்தாலும் தடுக்கி விழ மாட்டார்கள் என்று சமாதானம் கண்டோம். அந்தச் சமாதானத்தின் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

வியாபாரிகள் வண்டிப் பாதைக்கு முதுகு காட்டி, நடைபாதையைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது இந்தப் பங்கீட்டின் அடிப்படை. முன்பு அவர்கள் கடைகளுக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வாங்குபவர்கள் வண்டிகளுக்கு நடுவில் நின்றார்கள். திருப்பி உட்கார வைத்ததாலேயே வாங்குபவர் பாதுகாப்பான பக்கத்துக்கு வந்துவிட்டார். முதுகுப்புறம் வண்டி வருகிறதே என்ற அச்சம் வியாபாரிகளுக்கு இருந்தது. அதற்காக வரிசையின் பின்னால் முழங்கால் உயரத்துக்கு இரும்புக் குழாய்த் தடுப்பு வைத்தோம். பலர் அதில் சாய்ந்து உட்காருகிறார்கள்.

ஒவ்வோர் இடமும் 1.8 மீட்டர் நீளம். மூன்று இடங்களுக்கு ஒரு முறை, தெருவைக் கடந்து வருபவர் நுழைய நான்கடி இடைவெளி. கழுத்துப் பகுதியில் ஓர் இடமும் இல்லை. இப்படி 44 இடங்கள் கிடைத்தன. அவற்றில் பதினேழு இடங்களைக் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று பங்கிட்டுக்கொள்ள, 61 பேருக்கும் போதுமானதாக இருந்தது.

நிழல் எங்களைத் திருத்திய கதை

வியாபாரிகள் வரிசையை மேற்குப் பக்கம்தான் முதலில் வரைந்திருந்தோம். அந்தப் பக்கம் கடைச்சுவர்கள் நேர்கோட்டில் இருந்தன, மின்கம்பங்கள் குறைவு. ஆனித் திங்களில் ஒரு வாரம் கயிறும் மணல் நிரப்பிய டின்களும் வைத்து ஒத்திகை பார்த்தோம். முதல் நாள் ஒன்பதரை மணிக்கெல்லாம் மேற்கு வரிசை காலி. எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். ஒழுங்குக்கு உட்பட மறுக்கிறார்கள் என்று உடனிருந்த அலுவலர் ஒருவர் சலித்துக்கொண்டார்.

கீரை விற்கும் மூதாட்டி ஒருவரிடம் ஏன் எழுந்து வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஈரக் கோணியை விலக்கி, அடியிலிருந்து ஓர் அரைக்கீரைக் கட்டையும், சற்று முன் வெயில் பட்ட மற்றொரு கட்டையும் எடுத்து என் இரு கைகளிலும் வைத்தார். “தம்பி, இதுக்கு பத்து ரூபா தருவாங்க. அதை சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. அந்தப் பக்கம் ஒன்பது மணிக்கு வெயில் வந்துடும், இந்தப் பக்கம் பதினொண்ணு வரைக்கும் வராது” என்றார்.

அன்று மாலையே கணக்குப் போட்டுப் பார்த்தோம். வடக்கு தெற்கான தெருவில் காலை நிழலைத் தருவது கிழக்குப் பக்கக் கட்டிடம். 7 மீட்டர் உயரச் சுவரின் நிழல், சூரியன் அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் இருக்கும் ஒன்பது மணி அளவில் 7 மீட்டர் நீளம் விழும், 8.4 மீட்டர் தெருவில் மேற்கு ஓரம் அதற்கு வெளியே போய்விடும். கிழக்கு வரிசைக்கோ ஏறக்குறைய 11 மணி வரை நிழல் உண்டு. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேற்குக் கட்டிடங்களின் நிழல் வந்து சேரும். ஆகக் காலை வியாபாரமும் மாலை வியாபாரமும் நிழலில் நடக்க வேண்டுமானால் வரிசை கிழக்கில்தான் இருக்க வேண்டும். அந்த மூதாட்டிக்கு மணி வாரியாகத் தெரிந்திருந்தது எங்கள் வரைபடத்தில் இல்லை. வரைவு முழுவதையும் பக்கம் மாற்றினோம். மூன்று மின்கம்பங்களை இடம் மாற்றும் செலவு கூடியது. மின்வாரியத்துக்குப் பணம் கட்டி ஒப்புதல் வாங்க ஏழு வாரம் ஆனது.

11 முதல் 3 வரையிலான வெயிலுக்குப் பச்சை நிழல்வலை கட்டலாம் என்று நினைத்தோம். தெரு முழுவதையும் மூடி வலை கட்டத் தீயணைப்புத் துறை சம்மதிக்கவில்லை. தெருவின் குறுக்கே செல்லும் மின்கம்பிகளும் இடம் தரவில்லை. வரிசைக்கு மேலே மட்டும் இரண்டு மீட்டர் அகலப் பட்டையாக, அவர்கள் சொன்ன 4.5 மீட்டர் உயரத்தில் கட்டிப் பார்த்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு வலை வியாபாரியின் தலைக்கு மேல் இருந்தது, அதன் நிழல் ஏழெட்டு அடி தள்ளிக் கடைச்சுவரை ஒட்டி விழுந்தது. சாய்ந்த வெயிலில் வலை எவ்வளவு உயரமோ அதற்கேற்ப நிழல் விலகும். கடைசியில், வண்டிப் பாதைக்குள் நீட்டாமல் 2.4 மீட்டர் உயரச் சட்டத்தில் வலையைத் தாழ்த்திக் கட்டி, வண்டிப் பாதைப் பக்கம் வியாபாரியின் தோள் உயரம் வரை ஒரு தொங்கலும் விட்டோம். பிற்பகல் வெயிலைத் தடுப்பது மேல்வலையைவிட அந்தத் தொங்கல்தான். ஆடிக் காற்றில் வலை கிழியாதிருக்க, சுருட்டிக் கட்டும்படி கயிறு வைத்தோம். சுருட்டும் பொறுப்பை ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு வியாபாரிகள் ஏற்றார்கள்.

நிலையான நிழலுக்காக வரிசையின் இடைவெளிகளில் பன்னிரண்டு புங்கங்கன்றுகள் நட்டோம். மேற்குப் பக்கம் குடிநீர்க் குழாய் மேலோட்டமாகச் செல்வதால் அங்கே குழி தோண்ட முடியவில்லை.

கடைப்படிகளும் சாக்கடையும்

ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய பரப்பின் மேலேயே போட்டதால் தெரு உயர்ந்திருந்தது; வெள்ளத்துக்குப் பயந்து கடைக்காரர்கள் தங்கள் தளத்தை இன்னும் உயர்த்தி, படிகளைச் சாக்கடைக்கு மேல் வெளியே நீட்டியிருந்தார்கள். சில படிகள் மூன்றடி வரை வெளியே வந்திருந்தன. இடித்துத் தள்ளிவிடலாம் என்றும் ஒரு கருத்து இருந்தது. அதற்குப் பதிலாக, பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்து, மூடிய வடிகாலின் மேல்தளத்தையே கிழக்கு நடைபாதையாக்கினோம். நடைபாதை வண்டிப் பாதையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயர்ந்ததால் அந்தப் பக்கக் கடைகளுக்கு ஒரு படி குறைந்தது. எஞ்சிய இரண்டு படிகளைக் கடைக்குள்ளேயே வெட்டி அமைத்துக்கொள்ள வேண்டும், கொத்தனார் கூலியையும் சிமெண்டையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடலாம் என்று சொன்னதும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். கடைக்குள் இரண்டடி இடம் இழக்கும் வருத்தம் அவர்களுக்கு உண்மையானது. செலவையும் அவர்கள் தலையில் வைத்திருந்தால் ஒருவரும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

வணிகர் சங்கத்தின் பெரிய கவலை சரக்கு இறக்குவது. ஒருவழிப் பாதையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். விடியற்காலை 5 முதல் 8 வரையும், வியாபாரம் மந்தமான பிற்பகல் 1.30 முதல் 3.30 வரையும் மட்டும் சரக்கு வண்டிகள் வரலாம் என்று நேரம் வகுத்தோம். வாடிக்கையாளர்களின் இரு சக்கர வண்டிகளுக்கு, 120 மீட்டர் தொலைவில் புதர் மண்டிக் கிடந்த நகராட்சி மனை ஒன்று சீர் செய்யப்பட்டது.

கடக்கும் இடங்கள்

3.5 மீட்டர் ஒருவழிப் பாதையில் வண்டிகள் மெல்லவே போகும். மக்கள் எங்கு வேண்டுமானாலும் கடப்பார்கள், கடக்கட்டும் என்று விட்டோம். ஆபத்து தெற்கு முனையில் இருந்தது. பேருந்து நிலையச் சாலையில் வரும் ஆட்டோக்கள் வேகத்தைக் குறைக்காமல் தெருவுக்குள் திரும்பும். அதே இடத்தில்தான் பேருந்திலிருந்து இறங்கிய கூட்டம் தெருவைக் கடக்கும். அங்கே நடைபாதையின் மட்டத்திலேயே தெருவின் குறுக்கே மேடான கடவை அமைத்தோம். நடப்பவர் இறங்கி ஏறாமல் நேராகப் போகிறார். வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். வேலை முடிந்த முதல் வாரத்திலேயே ஆட்டோக்கள் அங்கே நின்று திரும்புவதைக் கண்டோம். வடக்கு முனையிலும் கழுத்தின் அருகிலும் இதேபோல இரண்டு அமைத்தோம்.

அதன் பின் நடந்தவை

பொங்கலுக்குப் பின் தொடங்கிய வேலை ஆவணியில் முடிந்தது. ஐப்பசியில் முதல் கனமழை பெய்தபோது, நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்ட தெற்கு முனை மேடு அணைபோல நின்றது. சரிவில் ஓடி வந்த நீர் அதில் முட்டித் தேங்கி, முனையில் இருந்த இரண்டு கடைகளுக்குள் புகுந்தது. மேட்டின் இரு ஓரத்திலும் வடிகால் வாய்கள் வைத்திருந்தோம். ஆனால் காய்கறிக் கழிவும் வாழைச் சருகும் அவற்றை அடைத்துவிட்டன. ஒரு கடைக்காரர் இரவோடு இரவாக மணல் மூட்டை அடுக்கித் தன் சரக்கைக் காப்பாற்றினார். சாலையை உயர்த்தும் எந்த இடத்திலும் மேட்டுக்கு மேற்புறம் தெருவின் முழு அகலத்துக்கும் இரும்புச் சட்டக மூடியுடன் குறுக்குக் கால்வாய் வேண்டும் என்பதை நாங்கள் வரைவிலேயே சேர்த்திருக்க வேண்டும். அது பிறகு போடப்பட்டது. புதிதாகப் போட்ட கற்களைப் பெயர்த்துத்தான் போட முடிந்தது.

ஒரே மட்டத்தில் போட்ட மேற்கு ஓரம் திறந்த மூன்றாம் நாளே இரு சக்கர வண்டி நிறுத்தமாகிவிட்டது. ஏற மேடு இல்லை, தடுக்க எதுவும் இல்லை. இரும்புத் தூண்கள் நடலாம் என்றார்கள். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் ஸ்கூட்டர் கைப்பிடி இடிக்காமல் நுழைந்துவிடும். நாற்காலியை விட்டு ஸ்கூட்டரை மட்டும் தடுக்கும் தூண் வரிசை என்று ஒன்று கிடையாது. அதனால் தூண்களோடு ஓர் ஆளையும் வைக்க வேண்டியிருந்தது. வண்டி நிறுத்தும் மனையின் கட்டண வருமானத்திலிருந்து இரண்டு பேருக்குச் சம்பளம் தரப்படுகிறது. அவர்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கு ஓரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

கிழக்குப் பக்கம் நன்றாக அமைந்தது. ஆறு மாதம் கழித்து மீண்டும் எண்ணியபோது, காலை நேரத்தில் பத்துப் பேரில் மூன்று பேர்தான் வண்டிப் பாதையில் நடந்தார்கள். மாலையில் அது ஐந்தாக இருந்தது. காரணம், கடைகள் பிளாஸ்டிக் குடங்களையும் துணி பொம்மைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தியிருந்தன. நடைபாதையின் பாதித் தூரத்துக்குக் கடை எல்லையைக் கறுப்புக் கல்லால் பதித்திருந்தோம். பணம் போதாமல் மீதிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். கல் பதித்த பகுதியில் பண்டங்கள் பெரும்பாலும் கோட்டுக்குள்ளேயே நிற்கின்றன. பெயிண்ட் நான்கு மாதத்தில் அழிந்துபோன பகுதியில் எல்லை எது என்பதே சண்டையாகிவிட்டது.

பன்னிரண்டு கன்றுகளில் எட்டு நிலைத்தன. பட்டுப்போன நான்கில் இரண்டு கருவாட்டுக் கடையை ஒட்டியவை. உப்புத் தண்ணீர் குழியில் ஊற்றப்பட்டிருந்தது. மற்ற இரண்டு டீக்கடை அருகே, பாத்திரம் கழுவிய வெந்நீரால் வேர் வெந்தவை. அவர்கள் வேண்டுமென்று செய்ததில்லை. கழிவுநீர் ஊற்ற அருகில் வேறு வாய் இல்லை, அதை நாங்கள் கொடுக்கவும் இல்லை. இரண்டு இடங்களிலும் வடிகாலுக்கு வலையிட்ட வாய் ஒன்று வைத்த பின் நட்ட புதுக் கன்றுகள் பிழைத்திருக்கின்றன.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

வரைவுக்கு முன்பே, ஒரு நாள் முழுவதும் மணிக்கொரு முறை வெயில் கோட்டைத் தெருவில் சுண்ணாம்பால் குறித்திருப்பேன். ஒரு நாள் கூலியில் முடியும் வேலை அது. அதைச் செய்யாததால் வரைவே பக்கம் மாறியது. பங்குனியிலும் மார்கழியிலும் வெயில் வேறுபடுவதால் இரண்டு காலத்திலும் செய்வது நல்லது.

மேற்கு ஓரத்தை ஒரே மட்டத்தில் விட்ட முடிவை நான் மாற்றிக்கொள்வேன். எதிர்த்த அந்த இருவர் கேட்டது 1.8 மீட்டர், அதைக் கொடுக்க முடியாவிட்டாலும், 1.5 மீட்டரையாவது 10 சென்டிமீட்டர் உயர்த்தி, கர்ப் கல் வைத்திருந்தால் அது நடப்பவர்களிடமே இருந்திருக்கும்.

நான் அதிகம் வருந்துவது கழிப்பறைக்காக. விடியற்காலை நான்கு மணிக்கு ஊரிலிருந்து கிளம்பும் பெண்கள் பத்து மணி வரை தண்ணீரே குடிப்பதில்லை என்பது, திறப்பு விழாவுக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு, விற்பனைக் குழுவின் பெண் உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார்கள். எங்கள் கேள்வித்தாளில் இடம், நேரம், சரக்கு, வருமானம் எல்லாம் இருந்தன. அந்த ஒரு கேள்வி இல்லை. வண்டி நிறுத்தும் மனையின் மூலையில் இப்போது நான்கு கழிப்பறைகள் கட்டப்பட்டிருக்கின்றன. தெருவின் வடக்கு முனையில் உட்காருபவர்களுக்கு அது தொலைவு. பக்கத்தில் இருப்பவரிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

கழுத்துப் பகுதியில் இரண்டு கடைகளின் படிகள் இன்னும் அகற்றப்படவில்லை; வழக்கு நடக்கிறது. அந்த இடத்தில் கிழக்கு நடைபாதை 1.1 மீட்டர்தான். அதற்கு முன்னும் பின்னும் சாய்தளம் அமைத்திருக்கிறோம். சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே வண்டிப் பாதையில் இறங்கி, பதினெட்டு மீட்டர் சென்று, மறுபடி நடைபாதையில் ஏறுகிறார்.